மூன்று கொப்பிகளும் இரண்டு இலக்கங்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. புதிதாக நியமனம் கிடைத்து நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் வந்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "டீச்சர், தவணைத் திட்டம், பாடக்குறிப்பு, பிள்ளையின் திரட்டுப் பதிவேடு என்று மூன்றையும் எழுதச் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே விஷயம்தானே? யார் வாசிக்கப்போகிறார்கள்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதினால் நல்லது என்று நினைத்தேன்.

மூன்றும் ஒரே விஷயம் அல்ல. தவணைத் திட்டம் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்கிறது. பாடக்குறிப்பு அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. திரட்டுப் பதிவேடு அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன வந்தது, என்ன வராமல் போனது என்பதைச் சொல்கிறது. முதலாவது பாடத்தைப் பற்றியது, இரண்டாவது நாளைப் பற்றியது, மூன்றாவது பிள்ளையைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி இல்லாவிட்டால்தான் மூன்றும் அலுமாரியில் கிடக்கும் கடதாசிக் கட்டாகிவிடும். அந்த வழியை இரண்டே இரண்டு இலக்கங்களால் போடலாம். இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

முதலாவது இலக்கம்: தேர்ச்சி மட்டம்

பெரும்பாலான தவணைத் திட்டங்கள் வாரத்தை வைத்து எழுதப்பட்டிருக்கும். முதலாம் வாரம் இது, இரண்டாம் வாரம் அது என்று. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் வாரக் கணக்கு நிற்காது. ஜூன், ஜூலை மழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இரண்டு நாள் போய்விடும். தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ரயிலில் வரும் ஆசிரியர்கள் ரயில் தாமதமானால் முதல் பாடவேளையை இழப்பார்கள். மூன்றாம் வாரத்திலேயே திட்டம் ஒரு பக்கமும் வகுப்பு ஒரு பக்கமுமாகப் போய்விடும். அதன் பிறகு இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதற்காகவே எழுத ஆரம்பிப்போம்.

நாட்காட்டியே எல்லாப் பாடசாலைக்கும் ஒன்றல்ல என்பதும் இருக்கிறது. சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு தவணை அட்டவணை, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையோடு வேறு அட்டவணை. 2025இல் நோன்பு ஏறக்குறைய மார்ச் மாதம் முழுவதும் வந்தது. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்வதால் இந்த வித்தியாசமும் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். ஒரு முஸ்லிம் பாடசாலையிலிருந்து ஒரு மகன் வருட நடுவில் எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தால், "நான்காம் வாரம் வரை முடிந்தது" என்று அவனது பழைய கொப்பியில் இருப்பதால் எனக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே நான்காம் வாரம் வேறு, இங்கே வேறு.

ஆனால் இரண்டு பாடசாலைக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மஹரகம தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியில் ஒவ்வொரு தேர்ச்சிக்கும், அதன் கீழ் ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. கணிதத்தில் பின்னமும் தசமமும் 3ஆம் தேர்ச்சியின் கீழ் வருகின்றன. 3.1 என்று எழுதினால் மன்னாரில் இருக்கும் கணித ஆசிரியருக்கும் விளங்கும், நானுஓயாவில் இருப்பவருக்கும் விளங்கும். அடுத்த தரத்திலும் பின்னம் அதே 3ஆம் தேர்ச்சியாகவே தொடர்வதால், முன்னால் தரத்தையும் சேர்த்து 6/3.1 என்று எழுதிவிட்டால் அடுத்த வருடம் வகுப்பை எடுப்பவருக்கும் அது எந்த இடம் என்று உடனே தெரியும்.

ஆகவே தவணைத் திட்டத்தில் முதல் நிரலில் வாரத்தைப் போடாதீர்கள். தேர்ச்சி மட்ட இலக்கத்தைப் போடுங்கள். அடுத்து எத்தனை பாடவேளை, அடுத்து இதைத் தொடங்கப் பிள்ளைக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், கடைசியில் முடிந்த திகதி. வாரத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறித்தால் போதும். முடிந்த திகதி நிரலை முன்கூட்டியே நிரப்பக் கூடாது. பாடம் முடிந்த அன்று வேறு நிறப் பேனையால் போடுங்கள்.

பாடவேளைக் கணக்கு

6ஆம் தரக் கணிதத்துக்கு வாரத்துக்கு 5 பாடவேளை, ஒன்று 40 நிமிடம். இரண்டாம் தவணையை 13 வாரம் என்று எடுத்தால் கடதாசியில் 65 பாடவேளை வரும். பலர் அந்த 65ஐயும் பாடங்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். பிறகு ஓட்டமும் நடையுமாகக் கடைசி இரண்டு அலகையும் ஒரே கிழமையில் "முடிப்பார்கள்".

நான் 2025 இரண்டாம் தவணைக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். வெசாக்குக்கு இரண்டு நாள், பொசன், எசல என்று நான்கு நாளும் அந்த வருடம் வார நாட்களிலேயே வந்தன. மே 6 உள்ளூராட்சித் தேர்தலையும் அதற்கான ஆயத்தத்தையும் சேர்த்து இரண்டு என்று வைத்தேன். அதோடு 6 போனது. தவணைப் பரீட்சை வாரம் 5. மீதி 54. இனி மழை, திருவிழா, விளையாட்டுப் பயிற்சி, ஆசிரியர் செயலமர்வு. இதை ஊகத்தில் போடவில்லை. முந்திய வருடப் பாடக்குறிப்பை எடுத்து அதே தவணையில் நடக்காமல் போன பாடவேளைகளை எண்ணினேன். 6 இருந்தது. ஆக மீதி 48.

அந்த 48இல் 40க்கு மட்டும் புதிய பாடம் போட்டேன். 8ஐ வெறுமையாக விட்டேன். ஐந்து பாடவேளைக்கு ஒரு முறை ஒரு வெற்று வரி, அதற்கு மீட்டல் என்று பெயர். அந்த வரியில் என்ன வரும் என்று தவணைத் தொடக்கத்தில் எனக்கும் தெரியாது. அதைப் பாடக்குறிப்புத்தான் சொல்ல வேண்டும். திட்டமும் குறிப்பும் ஒன்றையொன்று தொடும் இடம் அதுதான். வெற்று வரியே இல்லாத திட்டத்துக்குக் குறிப்பு என்ன சொன்னாலும் அதைக் கேட்க இடமில்லை.

பாடக்குறிப்பில் எழுத வேண்டிய ஒரு வரி

நோக்கம், உபகரணம், ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படியையும் எல்லோரும் எழுதுகிறோம். அதைப் பற்றிப் பயிற்சிக் கலாசாலையில் தேவைக்கு மேலேயே படித்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது பாடம் முடிந்த பிறகு எழுத வேண்டிய வரியைப் பற்றி. அதைத்தான் "பாடம் வெற்றிகரமாக நிறைவுற்றது" என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

அந்த வரியை எழுத முடிய வேண்டுமானால் நோக்கத்தையே வேறு மாதிரி எழுத வேண்டும். "பின்னங்களை ஒப்பிடுவதை விளங்கிக்கொள்வர்" என்று எழுதினால் விளங்கியதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. "1/3, 1/5 இரண்டில் பெரியதைத் தெரிந்து, ஏன் என்று படம் வரைந்து காட்டுவர்" என்று எழுதினால் பார்க்கலாம். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி, சின்னத் துண்டுக் கடதாசியில் பதில் வாங்குங்கள். கொப்பி முழுவதும் திருத்த வேண்டாம். துண்டுகளைச் சரி, பிழை என்று இரண்டு குவியலாகப் பிரிக்க மூன்று நிமிடம் போதும்.

அன்று என் குறிப்பில் இருந்த வரி இது:

"6/3.1. வரவு 27/31. சரி 16, பிழை 11. பிழை எல்லாம் ஒரே வகை: 5 பெரிது, ஆகவே 1/5 பெரிது."

பதினொரு பேரின் சேர்விலக்கத்தையும் கீழே எழுதினேன். வராத நான்கு பேரின் சேர்விலக்கத்தை வேறாக எழுதினேன்.

இதில் முக்கியமானது எண்ணிக்கையைவிடப் பிழையின் வகைதான். 11 பேர் பிழை என்றால் திரும்பவும் அதே பாடத்தை அதே மாதிரி நடத்தத்தான் தோன்றும். ஆனால் பிழை என்ன என்று தெரிந்தால் அடுத்த பாடவேளை தானாகவே எழுதப்பட்டுவிடும். இந்தப் பிள்ளைகள் பின்னத்தை ஒரு எண்ணாகப் பார்க்கவில்லை, கீழே இருக்கும் பகுதியெண்ணை மட்டும் பார்த்துவிட்டு முழுவெண் மாதிரி ஒப்பிடுகிறார்கள். வட்டம் வரையச் சொன்னால் இன்னும் குழம்புவார்கள். வட்டத்தை ஐந்தாகச் சமமாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம், ஆறாம் தரப் பிள்ளை கோணலாகப் பிரித்துவிட்டு அந்தப் படத்தையே நம்பும்.

ஆகவே அடுத்த மீட்டல் பாடவேளையில் கடதாசிப் பட்டி கொடுத்தேன். எல்லாம் ஒரே நீளம், 30 சென்ரிமீற்றர். ஒரு பட்டியை 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக மூன்றாகவும், இன்னொன்றை 6 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக ஐந்தாகவும் பிரித்தார்கள். 30ஐ எடுத்ததற்குக் காரணம் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் மீதியில்லாமல் பிரிபடும் என்பதுதான். ஒரு துண்டை ஒரு துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "ஒரு ரொட்டியை மூணு பேருக்குப் பிச்சா பெரிய துண்டு, அஞ்சு பேருக்குப் பிச்சா சின்னத் துண்டு டீச்சர்" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். அதையும் குறிப்பில் எழுதி வைத்தேன், அடுத்த வருடத்துக்கு நல்ல ஆரம்பம்.

அன்று திரும்பவும் அதே வகைக் கேள்வி, எண் மட்டும் வேறு: 1/4, 1/6. வந்தது 29 பேர். பிழை 5.

ஐந்து பேரும் ஒரே ஐந்து பேர் அல்ல

இந்த இடத்தில்தான் சேர்விலக்கம் வேலை செய்தது. ஐந்து பேரின் இலக்கத்தையும் முதல் நாள் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் முதல் நாள் வரவேயில்லை. மூன்று பேர் இரண்டு நாளும் வந்தும் பிழைவிட்டவர்கள்.

வராத பிள்ளைக்கும் விளங்காத பிள்ளைக்கும் மருந்து வேறு. வராதவருக்குப் பாடம் கிடைக்கவில்லை, பட்டியைக் கையில் கொடுத்துப் பக்கத்துப் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்றும் அப்படித்தான் ஆனது. விளங்காதவருக்குப் பாடம் கிடைத்தும் பிடிபடவில்லை, அதற்கு முந்திய ஏதோ ஒன்று குறைகிறது. தவணைத் திட்டத்தில் "முன்பே தெரிந்திருக்க வேண்டியது" என்று ஒரு நிரல் போடச் சொன்னேனே, அதைத் திருப்பிப் பார்க்க வேண்டியது அப்போதுதான். 6/3.1க்கு நேரே நான் எழுதியிருந்தது: சமமாகப் பகிர்தல், வகுத்தல். மூவரையும் கூப்பிட்டு 12 கொட்டையை நான்கு பேருக்குப் பகிரச் சொன்னேன். இருவர் பகிர்ந்தார்கள். ஒரு மகளுக்கு அது எழுத்தில் கொடுத்தால் வரவில்லை, கொட்டை கையில் இருந்தால் வந்தது.

"11 பேர் பிழை, பிறகு 5 பேர் பிழை" என்று எண்ணிக்கை மட்டும் எழுதியிருந்தால் முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த அலகுக்குப் போயிருப்போம். அந்த மகள் பின்னால் நின்றிருப்பாள்.

இரண்டாவது இலக்கம்: ஏன் பெயர் போதாது

பெயரை எழுதினால் என்ன என்று கேட்கலாம். எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள், அதில் இருவருக்கு முதலெழுத்தும் ஒன்று. அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, சேர்விடாப்பில் ஒரு மாதிரி, வரவு இடாப்பில் வகுப்பாசிரியர் கேட்டபடி ஒரு மாதிரி, திரட்டுப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி. அப்பாவின் பெயர் சில இடத்தில் முதலெழுத்தாகவும் சில இடத்தில் முழுதாகவும் இருக்கும். தேசிய அடையாள அட்டைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்கும்போது பெற்றோர் தேயிலை மலையில் அரை நாள் பேரை விட்டுவிட்டு அலைவது இதனால்தான்.

ஆகவே எந்தக் கொப்பியிலும் பிள்ளையைச் சேர்விலக்கத்தால் குறியுங்கள். பெயரை எழுதுவதானால் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை சரிபார்த்து, அதே எழுத்தில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். முரண் இருந்தால் நீங்களாக அழித்து மாற்ற வேண்டாம். அதிபரிடம் சொல்லி, சேர்விடாப்பில் உரிய முறையில் திருத்தி, திகதியும் கையொப்பமும் இட்ட பிறகே மற்றக் கொப்பிகளில் மாற்ற வேண்டும். வெள்ளை மை பூசிய ஒரு பதிவை எந்த அலுவலகமும் நம்பாது.

திரட்டுப் பதிவேட்டில் ஒரு வரி என்ன செய்யும்

மேலே சொன்ன மகளின் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் எழுதவில்லை.

அவள் இரண்டாம் தவணையில்தான் வேறு தோட்டத்திலிருந்து எங்களிடம் வந்தாள். தாய் வெளிநாட்டில். பாட்டிதான் கூட்டி வந்தார். வந்ததுமே சொன்னார்: "முந்தின ஸ்கூல்ல இதுக்கு மண்டையில ஏறாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர். ஏதோ பேர எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும்."

"சரி பாட்டி, அந்த மட்டையக் குடுங்க, நான் பாக்கிறேன்" என்றேன்.

திரட்டுப் பதிவேட்டில் முதலாம் தரம் ஏறக்குறைய வெறுமை. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 2025இல் 6ஆம் தரத்தில் இருக்கும் பிள்ளைகள் 2020இல் முதலாம் தரத்துக்கு வந்தவர்கள். அந்த மார்ச் மாதமே பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இலும் பல மாதம் மூடியிருந்தன. லயத்தில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் போன், சிக்னல் கிடைக்க மலை உச்சிக்குப் போக வேண்டும் என்றால் வட்ஸ்அப் பாடம் யாருக்கு? எழுத்தும் எண்ணும் தொடங்க வேண்டிய இரண்டு வருடத்தில் இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே சரியாகக் கிடைக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் அது காரணமாக எழுதப்படவில்லை. இரண்டாம் தரத்தில் எல்லாவற்றுக்கும் சரி அடையாளம். நான்காம், ஐந்தாம் தரத்தில் புள்ளி மட்டும்: கணிதம் 28, கணிதம் 31. ஓரத்தில் பென்சிலால் யாரோ "மந்தம்" என்று எழுதியிருந்தார்கள்.

இவற்றுக்கு நடுவில் மூன்றாம் தரத்துக்கு நேரே ஒரு வரி இருந்தது. எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. "கழித்தலில் பத்தை உடைத்து எடுப்பதில்லை. குச்சிக் கட்டு கையில் கொடுத்தால் சரியாகச் செய்கிறார். எழுத்தில் மட்டும் கொடுத்தால் நிறுத்திவிடுகிறார்." திகதி 2022, சுருக்கக் கையொப்பம்.

28 என்ற எண் எனக்கு எதையும் சொல்லவில்லை. "மந்தம்" என்ற சொல் தவறான ஒன்றைச் சொன்னது. அந்த வரிதான் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது. கொட்டை கையில் இருந்தால் வருகிறது, எழுத்தில் வரவில்லை என்று நான் கண்டதும், மூன்று வருடத்துக்கு முன் இன்னொருவர் குச்சியை வைத்துக் கண்டதும் ஒன்றேதான். அவளுக்குக் குறை எண்ணில் இல்லை. பொருளிலிருந்து எழுத்துக்கு வரும் பாலத்தில்தான் குறை. ஆகவே பட்டியை அவளிடமிருந்து சீக்கிரம் வாங்கவில்லை. முதல் வாரம் பட்டி. பிறகு பட்டியை வைத்து அதே அளவில் கொப்பியில் வரைதல். பிறகு பட்டி இல்லாமல் வரைதல். கடைசியில் வரையாமல் எண் மட்டும். மீட்டல் பாடவேளைகளிலும் இடைவேளையில் பத்துப் பத்து நிமிடமாகவும் ஐந்து வாரம் போனது.

தவணை முடிவில் அவள் அலகுப் பின்னங்களை எண்ணைப் பார்த்தே ஒப்பிட்டாள். கூட்டல் வரவில்லை. 1/5உம் 2/5உம் சேர்ந்தால் 3/10 என்று மேலையும் கூட்டி, கீழையும் கூட்டினாள். தவணைப் பரீட்சையில் 39. முன்னேற்ற அறிக்கையைப் பார்ப்பவருக்கு அது ஒரு குறைந்த புள்ளி மட்டுமே. திரட்டுப் பதிவேட்டில் நான் எழுதியது இது:

"6/3.1 அலகுப் பின்னங்களைப் படமின்றி ஒப்பிடுகிறார். 6/3.2 கூட்டலில் பகுதியெண்களையும் கூட்டுகிறார். பட்டி கொடுத்தால் திருத்திக்கொள்கிறார். புதிய அலகைப் பொருளோடு தொடங்கவும். தரம் 1, 2இல் பாடசாலை நீண்ட காலம் மூடியிருந்தது."

மூன்றாம் தவணைத் திட்டத்தில் முதல் மீட்டல் வரியில் 6/3.2 என்றும் அவளுடைய சேர்விலக்கத்தையும் இன்னும் ஆறு பேருடையதையும் எழுதினேன். குறிப்பிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து அடுத்த திட்டத்துக்கும் போனது அந்த இரண்டு இலக்கங்கள் மட்டுமே.

எதை எழுதக் கூடாது

திரட்டுப் பதிவேடு பிள்ளையோடு பல வருடம் போகும், பல கண்கள் பார்க்கும். ஆகவே கண்டதை எழுதுங்கள், தீர்ப்பை எழுத வேண்டாம். "சோம்பேறி" வேண்டாம், "இத்தவணை 19 நாள் வரவில்லை" போதும். "கவனமில்லை" என்று எழுத முன் அவரை முன்வரிசையில் உட்கார வைத்துப் பாருங்கள், பலகை தெரியாத பிள்ளையாக இருக்கலாம். தெரியவில்லை என்றால் அதை எழுதுங்கள், கண் பரிசோதனைக்கு அனுப்பிய திகதியையும் எழுதுங்கள். வீட்டில் அப்பா குடிக்கிறார், அம்மா இன்னாரோடு போனார் போன்ற விஷயங்களுக்கு அந்த மட்டை இடமில்லை. பாதுகாப்புப் பற்றிய சந்தேகம் இருந்தால் அதிபரிடமும் சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் பாடத்திலும் இப்படி எழுத முடியுமா என்று கேட்டால், முடியாது. முப்பத்தொரு பிள்ளை, ஒரு தவணைக்குப் பத்துத் தேர்ச்சி மட்டம் என்றாலே முந்நூறு வரி. நான் எழுதுவது குறிப்பில் இரண்டு தடவைக்கு மேல் சேர்விலக்கம் வந்த பிள்ளைக்கு மட்டும். ஒரு தவணையில் அது ஏழு எட்டுப் பேரைத் தாண்டாது. மற்றவர்களுக்குப் புள்ளியும் ஒரு சிறு குறிப்பும் போதும். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இலக்கம் வந்தால் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை, பாடத்தைத்தான் திரும்ப நடத்த வேண்டும்.

கொப்பிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க

போட்டோகொப்பிக் கடையில் விற்கும் பாடக்குறிப்பும் வட்ஸ்அப் குழுவில் வரும் பிடிஎஃப் திட்டமும் பற்றி நான் உபதேசம் செய்யப்போவதில்லை. அதில் ஐந்து படி அழகாக இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாடத்துக்குப் பிந்திய வரியை எந்தக் கடையும் விற்காது.

மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், உங்கள் கொப்பியை நீங்களே இப்படிப் பாருங்கள். போயா நாளில் பாடம் நடந்ததாக எழுதியிருக்கிறதா? வரவு இடாப்பில் 14 பேர் என்று இருக்கும் நாளில் குறிப்பில் "மாணவர் அனைவரும் செய்தனர்" என்று இருக்கிறதா? திட்டத்தில் முடிந்த திகதி எல்லாம் ஒரே பேனையில், ஒரே சாய்வில் இருக்கிறதா? ஒரு மாதம் முழுவதும் மீட்டல் வரிகள் வெறுமையாகவே இருக்கின்றனவா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். மீட்டல் வரி வெறுமை என்றால் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது யாரும் பார்க்கவில்லை. இரண்டில் எது என்று உங்களுக்கே தெரியும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லாப் பாடத்துக்கும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு அலகு. துண்டுக் கடதாசியில் ஒரு கேள்வி, பிழையின் வகை, சேர்விலக்கம். வருட முடிவில் முடியாமல் நிற்கும் தேர்ச்சி மட்டங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, அடுத்த தரத்தை எடுப்பவரின் கையில் கொடுத்துவிடுங்கள். என்னுடைய தாளில் போன முறை பன்னிரண்டு வரி இருந்தது.

வேறு முறையில் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஆரம்பப் பிரிவிலும் பல்தர வகுப்பிலும் கற்பிப்பவர்கள், உங்கள் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.